ரீல் கவரும் அதன் மேல் எழுத்தும்: ஜமக்காளக் கடை ஒன்றை வைத்துச் சில கேள்வி பதில்கள்

ஈரோட்டில் இருந்துகொண்டு சின்னக் கடைகளின் இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. பெட்ஷீட், துண்டு, மரச்செக்கு எண்ணெய், ஊத்துக்குளி வெண்ணெய் என்று எதை விற்பவர்களும் முதலில் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். பதில்களை ஓர் இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். உதாரணம் மாறிக்கொண்டே இருந்தால் குழப்பம் வரும் என்பதால், பவானியில் நான் வேலை பார்த்துக்கொடுத்த ஒரு ஜமக்காளக் கடையையே முழுக்க எடுத்துக்கொள்கிறேன்.

ஏனுங்க, ரீல் ஓடறப்ப கவரை யாருமே பார்க்கறதில்லையே, அதுக்கு எதுக்கு இத்தனை மெனக்கெடணும்?

ஓடும்போது பார்ப்பதில்லை, சரிதான். வீடியோ தானாகவே ஓடத் தொடங்கிவிடும், ரீலுக்கு முகப்பாக வைத்த படமான கவர் கண்ணில் படாது. ஆனால் வீடியோ பிடித்துப்போனவர் அடுத்துச் செய்வது கடைப் பெயரைத் தட்டி உங்கள் பக்கத்துக்குள் வருவதுதான். அங்கே எதுவும் ஓடாது. வரிசைக்கு மூன்றாகக் கவர்கள் அசையாமல் நிற்கும். ஆர்டர் கொடுக்கலாமா என்று யோசிப்பவர் நிற்கும் இடம் அதுதான். வாட்ஸ்அப்பில் "உங்க பேஜைப் பார்த்தேனுங்க" என்று தொடங்கும் விசாரிப்புகள் எல்லாம் அங்கிருந்து வருபவை.

ஆகவே வீடியோவின் முதல் நொடி வேறு, கவர் வேறு. முதல் நொடி, விரலால் தள்ளிக்கொண்டு போகிறவரை நிறுத்த வேண்டும். கவர், பக்கத்தில் இருக்கும் மற்ற எட்டுக் கவர்களோடு சண்டை போடாமல் உட்கார வேண்டும். இரண்டுக்கும் ஒரே படத்தைப் போட்டால் பெரும்பாலும் இரண்டுமே சொதப்பும்.

கவர்ல எழுதுன எழுத்து பாதி வெட்டுப்படுது. முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு?

நீங்கள் எதையும் மாற்றவில்லை, கட்டத்தின் அளவு மாறிவிட்டது. 2025 ஜனவரி வரை சுயவிவரப் பக்கத்துக் கட்டங்கள் சதுரமாக இருந்தன. அதன் பிறகு இன்ஸ்டாகிராம் அவற்றை 3:4 என்று நெட்டையாக்கிவிட்டது.

ரீலின் முழு அளவு 1080 அகலம், 1920 உயரம். நெட்டைக் கட்டத்தில் அதில் நடுவில் உள்ள 1440 பிக்சல் உயரம் தெரியும், மேலே 240, கீழே 240 போய்விடும். பழைய சதுரத்தில் தெரிந்தது நடு 1080 மட்டும். அப்படியென்றால் பழைய ரீல் கவர்களில் இப்போது மேலும் கீழும் 180 பிக்சல் கூடுதலாகத் தெரிகிறது. முன்பு கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த எடிட்டிங் செயலியின் வாட்டர்மார்க், படச் சட்டத்தின் ஓரம், யாரோ ஒருவரின் செருப்புக் கால் எல்லாம் வெளியே வந்துவிட்டன.

வெட்டுப்படுவது சதுரமாகச் செய்து போட்ட போஸ்டர்கள். 1080-க்கு 1080 படத்தை நெட்டைக் கட்டத்தில் அடைத்தால் அகலத்தில் 810 மட்டுமே நிற்கும், பக்கத்துக்கு 135 போகும். ஓரம் வரை எழுதியிருந்த கடைப் பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அதில்தான் காணாமல் போயின. 4:5 படங்களுக்கு இவ்வளவு சேதம் இல்லை, பக்கத்துக்கு சுமார் 34 பிக்சல்தான்.

அப்ப எழுத்தை எங்க வெக்கறது?

ஜமக்காளக் கடைக்கு நான் வைத்த இடத்தைச் சொல்கிறேன். 1080-க்கு 1920 வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, மேலிருந்து 420-ஆவது பிக்சலில் ஒரு கோடு, 1500-ல் ஒரு கோடு போட்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது சதுரக் கட்டத்திலும் தெரியும், நெட்டைக் கட்டத்திலும் தெரியும், முழுத்திரையிலும் தெரியும். நாளைக்கு அளவை மறுபடி மாற்றினாலும் தப்பிக்க வாய்ப்பு அதிகம். எழுத்துப் பட்டையை 1120-க்கும் 1460-க்கும் நடுவில் வைத்தேன். இரண்டு பக்கமும் 90 பிக்சல் காலி. பொருள் மேலே, எழுத்து கீழே.

அந்த இடத்தை அதற்குப் பிறகு நகர்த்தவே இல்லை. பக்கம் ஒரே கையால் செய்ததுபோலத் தெரிவதற்கு நிறத்தைவிட, எழுத்துருவைவிட, இதுதான் அதிகம் உழைக்கிறது. மூன்று கவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது மூன்றின் எழுத்தும் ஒரே மட்டத்தில் இருந்தால் கண் அதை ஒரு வரிசையாகப் படிக்கிறது. ஒன்று 50 பிக்சல் ஏறி நின்றாலும் சுவரில் கோணலாக மாட்டிய காலண்டர் மாதிரி உறுத்தும்.

மூலைகளையும் விட்டுவிடுங்கள். வலது மேல் மூலையில் ரீல் குறியும், பக்கத்தின் உச்சியிலேயே நிற்கும்படி ரீலைப் பின் செய்திருந்தால் அந்தக் குறியும் வந்து உட்காரும். இடது கீழ் மூலையில் பார்வை எண்ணிக்கை வரும்.

வீடியோவுலிருந்தே ஒரு ஃபிரேமை எடுத்துக்கலாமுங்களா, தனியா போட்டோ எடுக்கணுமா?

முடிந்தால் தனியாக எடுங்கள். வீடியோ எடுத்து முடித்த கையோடு, அதே இடம், அதே வெளிச்சம், அதே உயரத்தில் போனைப் பிடித்து நான்கு ஸ்டில். அதற்கு ஒரு நிமிடம் ஆகுமா? வீடியோ ஃபிரேம் உட்புற வெளிச்சத்தில் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருக்கிறது. ஸ்டில்லில் அந்தத் தொந்தரவு குறைவு.

ஆனால் சில நேரம் அந்த அசைவுதான் படமே. ஜமக்காளக் கடையில் ஒரு ரீல்: இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, விரிப்பை மேலே வீசி உதறுகிறார்கள். சிவப்பும் பச்சையுமாகப் பட்டைகள் காற்றில் வளைகின்றன. இதைப் போட்டோவாக எடுத்தால் பத்தில் ஒன்றுகூடத் தேறாது. வீடியோவில் தேடினால் கிடைக்கும், ஆனால் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும். துணி மேலே ஏறும்போதும் கலங்கும், இறங்கும்போதும் கலங்கும். உச்சிக்குப் போய்த் திரும்பும் அந்தக் கணத்தில் அது கிட்டத்தட்ட நிற்கிறது. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் தெளிவாக இருப்பது இரண்டு மூன்று ஃபிரேம்தான். உச்சியைக் கண்டுபிடித்து, முன்னும் பின்னும் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். விளிம்பு நூல் தனித்தனியாகத் தெரிந்தது மூன்றாவது முயற்சியில். தறியில் நாடா ஓடுவதானாலும் இதே கணக்கு, திசை மாறும் இடத்தில் தேடுங்கள்.

இன்ஸ்டாகிராம் செயலிக்குள் கவர் தேர்ந்தெடுக்கும் அந்தப் பட்டையில் இவ்வளவு நுணுக்கமாக நிறுத்த முடியாது, விரல் பட்டால் பத்து ஃபிரேம் தாவும். எடிட்டிங் செயலியில் நிறுத்தி, அந்த ஃபிரேமைப் படமாக வெளியே எடுத்து, எழுத்தைச் சேர்த்து, பதிவேற்றும்போது `Edit cover`-க்குள் போய் கேலரியிலிருந்து போடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் வேண்டாம். பல போன்களின் திரை 1080-க்கு 2400, 9:16-ஐவிட நெட்டை. ஸ்கிரீன்ஷாட்டை ஒவ்வொரு முறையும் கையால் வெட்டினால் பொருள் ஒரு படத்தில் மேலே, அடுத்த படத்தில் கீழே நிற்கும். கண்டபடி வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டுகளால்தான் பாதிப் பக்கங்கள் கலைந்து கிடக்கின்றன.

எத்தனை வார்த்தை எழுதலாம்? நம்ம பசங்க ரெண்டு வரி வசனமே எழுதி வெக்கறாங்க.

மூன்று வார்த்தை, முக்கினால் நான்கு. கணக்குப் பார்த்துவிடலாம். சாதாரணப் போனின் திரை அகலம் சுமார் 7 செ.மீ. அதை மூன்றாகப் பங்கு போட்டால் ஒரு கட்டம் 2.3 செ.மீ. 1080 பிக்சலும் அந்த 2.3 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். 60 பிக்சலில் எழுதினால் அது ஒன்றே கால் மில்லிமீட்டராக நிற்கும், வாசிக்க முடியாது. 130 பிக்சலில் எழுதினால் சுமார் 2.8 மில்லிமீட்டர். படிக்கலாம்.

130 பிக்சலில், தடித்த எழுத்தில், நம்முடைய 900 பிக்சல் அகலத்துக்குள் ஒரு வரிக்கு ஆறேழு தமிழ் எழுத்துகள்தான் கொள்ளும். "சாயம் போகுமா" என்பதே ஒரு வரியில் இடிக்கும், இரண்டு வரியாக்கினால் தாராளம். இங்கேதான் ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட் நம்மைக் கைவிடுகிறது. தமிழில் உருபு எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது, சொற்கள் நீளம். "திருமணங்களுக்கான விரிப்புகள்" என்று எழுதினால் எழுத்தைச் சின்னதாக்க வேண்டிவரும். "கல்யாண ஜமக்காளம்" என்று எழுதுங்கள், அளவு குறையாது. எழுத்தின் அளவைக் குறைக்காதீர்கள், சொல்லை மாற்றுங்கள். ஒரு கவரில் 130, அடுத்ததில் 90 என்று போனால் பக்கம் கலைந்துவிடும்.

அந்தக் கடையின் முதல் ஒன்பதில் இருந்தவை இப்படி: "சாயம் போகுமா", "எத்தனை பேர் உட்காரலாம்", "கல்யாண ஜமக்காளம்", "துவைப்பது எப்படி", "குழித்தறி நெசவு". இரண்டாவது மட்டும் 130-ல் அடங்கவில்லை. "எந்த அளவு?" என்று சுருக்கினேன். கடைக்காரருக்கு மனமில்லை, கட்டத்தில் பார்த்த பிறகு ஒத்துக்கொண்டார்.

விலையைப் பெருசா போட்டா ஆள் வருவாங்கல்ல?

வீடியோவுக்குள் போடுங்கள், கவரில் வேண்டாம். கவர் வருடக்கணக்கில் நிற்கும். நூல் விலை ஏறிய பிறகும் பழைய விலையைக் காட்டி ஒருவர் வாதாடுவார், அந்த விலைக்கே கொடுக்க வேண்டிவரும். ஆடித் தள்ளுபடியும் அப்படித்தான். ஆடிப்பெருக்குக்குக் கூடுதுறையில் கூட்டம் சேரும் நேரத்தில் "ஆடி ஆஃபர்" என்று ஒரு கவர் போட்டுவிட்டு நான் மறந்துபோனேன். மார்கழியில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு போன் செய்தார். பருவத்துக்கு மட்டும் போடுகிற கவருக்கு எழுத்து இல்லாத இன்னொரு கவரையும் அன்றைக்கே செய்து வைத்துவிட்டால், மாதம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

ஜமக்காளத்து மேல எழுதினா எழுத்தே தெரிய மாட்டேங்குது. வெள்ளையில போட்டாலும் சரி, கறுப்புல போட்டாலும் சரி.

தெரியாது. பட்டை பட்டையாக நிறம் மாறும் துணியில், சிவப்பின் மேல் எடுப்பாக நிற்கும் வெள்ளை எழுத்து அடுத்த மஞ்சளில் கரைந்துவிடும். எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போடுவார்கள், நிழல் போடுவார்கள். 2.8 மில்லிமீட்டர் எழுத்தில் அந்தக் கோடு எழுத்தையே அடைத்துவிடும், "ண" எது "ன" எது என்று தெரியாது.

செய்ய வேண்டியது ஒரே நிறத்தில் ஒரு முழுப் பட்டை. பாதி தெரிகிற கண்ணாடிப் பட்டை வேண்டாம், அடியில் உள்ள நிறத்தை வாங்கிக்கொண்டு கவருக்குக் கவர் வேறு நிறமாகத் தெரியும். நாங்கள் சலவை செய்யாத பருத்தியின் வெளிர் நிறத்தில் பட்டையும், அடர்ந்த அரக்குச் சிவப்பில் எழுத்தும் வைத்தோம். கடையில் எந்த நிற விரிப்பு வந்தாலும் இது மாறாது. ஜமக்காளமே பட்டை போட்ட பொருள் என்பதால் இன்னொரு பட்டை ஒட்டாமல் நிற்கவில்லை, கரை மாதிரி உட்கார்ந்துவிட்டது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கவரைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் எழுத்து பளிச்சென்று நின்றால் சரி. சிவப்பில் பச்சை எழுத்து நிறத்தில் பார்க்கும்போது எடுப்பாகத் தோன்றும், கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகப் படுத்துவிடும்.

பொடிக் கட்டம் போட்ட துண்டு, லுங்கி விற்பவர்களுக்கு வேறொரு தொல்லை. சின்னதாகச் சுருங்கும்போது அந்தக் கட்டங்கள் ஒன்றோடொன்று மோதி, துணியில் இல்லாத அலை அலையான கோடுகள் தெரியும். துணியை இன்னும் நெருங்கி எடுத்தால் போய்விடும்.

தமிழ் எழுத்து உடைஞ்சு வருதே, "கொ" போட்டா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போகுது?

இரண்டு காரணம் இருக்கலாம். ஃபோட்டோஷாப்பில் செய்தால், எழுத்து அமைப்புகளில் `World-Ready Layout` தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிப்புகளில் அதற்கு `Middle Eastern and South Asian` என்று பெயர். அது இல்லாமல் தமிழ் ஒழுங்காகச் சேராது. போன் செயலிகளில் என்றால் எழுத்து இடைவெளியைக் கூட்டியிருப்பீர்கள். ஆங்கிலத்துக்கு அழகாக இருக்கிறதென்று கூட்டுவார்கள். தமிழில் அது கொம்பையும் காலையும் பிரித்துவிடும். அதைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

வரி இடைவெளி மட்டும் தாராளமாக இருக்க வேண்டும். மேல் வரியின் "கூ" கீழே இறங்கும், கீழ் வரியின் "கீ" மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். 130 பிக்சல் எழுத்துக்கு நான் வரிக்கு 170 விடுகிறேன். எழுத்துருக்களில் `Mukta Malar`, `Anek Tamil`, `Hind Madurai` மூன்றும் இலவசம், மூன்றும் யூனிகோடு. `Anek Tamil`-ல் ஒடுக்கமான வடிவமும் இருப்பதால் நீளச் சொற்களுக்குக் கைகொடுக்கும். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று மாற்ற வேண்டாம்.

ஒரே கடை, ஒரே போன். ஆனா ஒரு கவர் மஞ்சளா இருக்கு, ஒண்ணு நீலமா இருக்கு. ஏனுங்க?

வெளிச்சம். குடோனில் டியூப் லைட், வாசலில் காலை வெயில், திண்ணையில் நிழல். போன் ஒவ்வொன்றுக்கும் தானாக வெள்ளையை மாற்றிக்கொள்கிறது. கவருக்கான ஸ்டில்லை மட்டுமாவது எப்போதும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுங்கள். நாங்கள் கடை வாசலின் நிழலில், காலை 10 மணிக்கு எடுத்தோம். பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை மடித்து வைத்து எடுத்தால், பிறகு திருத்தும்போது அந்த வேட்டி வெள்ளையாகும் வரை நகர்த்தினால் போதும்.

ஐபோனில் எடுத்தால் கேமரா அமைப்புகளில் `HDR Video`-வை அணைத்துவிடுங்கள். அந்த வீடியோவிலிருந்து எடுத்த ஃபிரேம் மற்றவற்றோடு சேராமல் வெளிறியோ கண் கூசவோ நிற்கும்.

செஸ் போர்டு மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு போட்டா அழகா இருக்குமே?

அழகாகத்தான் இருக்கும், இரண்டு வாரத்துக்கு. படம், எழுத்து, படம், எழுத்து என்று மாற்றி மாற்றிப் போட்டால் சதுரங்கப் பலகை தானாக அமையும். முறை தவறாமல் போடுகிறவரை ஒன்றும் ஆகாது. ஆனால் அவசரத்துக்கு "நாளை கடை விடுமுறை" என்று ஒன்று போட்டீர்கள், அல்லது நடுவில் ஒன்றை நீக்கினீர்கள் என்றால், அந்த இடத்தில் ஒரே மாதிரி இரண்டு பக்கத்தில் பக்கத்திலும் மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும்.

பின் செய்வது இன்னும் மோசம். பின் செய்த ரீல் தன் பழைய இடத்தை விட்டு மேலே போய்விடும். அதைவிடப் புதியவை எல்லாம் ஒரு கட்டம் வலப்புறம் நகரும், பழையவை அப்படியே நிற்கும். நடுவில் ஒரு மடிப்பு விழுந்ததுபோல ஒழுங்கு முறிந்துவிடும். எனக்கு இது நடந்தது ஒரு துணிக்கடைப் பக்கத்தில், திறப்பு விழா ரீலைப் பின் செய்த அன்று.

நான் சொல்வது, எந்தக் கவரும் எந்தக் கட்டத்திலும் உட்காரும்படி செய்யுங்கள். எழுத்து ஒரே மட்டத்தில், பட்டை ஒரே நிறத்தில், வெளிச்சம் ஒரே மாதிரி. அப்புறம் எதைப் பின் செய்தாலும் எதை நீக்கினாலும் ஒன்றும் ஆகாது. விடுமுறை அறிவிப்பு ஸ்டோரியில் போகட்டும்.

ஏற்கெனவே 200 ரீல் கெடக்குது. எல்லாத்தையும் மாத்தணுமுங்களா?

வேண்டாம். முதல் ஒன்பது மட்டும். வந்தவர் அதற்குக் கீழே போவது அபூர்வம், போனாலும் பழையது பழையதாக இருப்பதில் தப்பில்லை. போட்ட ரீலின் கவரைப் பிறகும் மாற்றலாம், மூன்று புள்ளியைத் தட்டி `Edit` போனால் கவருக்கான இடம் இருக்கும். லைக்கும் பார்வையும் அப்படியே இருக்கும். அந்த ஜமக்காளக் கடைக்கு ஒன்பதையும் ஒரு மதியத்தில் முடித்தோம். ஒரு பழைய ரீலுக்கு மட்டும் எந்த ஃபிரேமும் தேறவில்லை, அதற்கு விரிப்பைச் சுருட்டிவைத்துப் புதிதாக ஒரு ஸ்டில் எடுத்தோம்.

போடறதுக்கு முன்னாடியே ஒண்ணா சேர்த்துப் பார்க்க வழி இருக்குங்களா?

போன் கேலரியில் "கவர்" என்று ஓர் ஆல்பம் வைத்து எல்லாக் கவரையும் அதில் போடுங்கள். மூன்று மூன்றாகக் காட்டும்படி வைத்துக்கொண்டு, கையை நீட்டி எட்டப் பிடித்துப் பாருங்கள். கேலரி சதுரமாகத்தான் வெட்டிக் காட்டும். அதிலேயே எழுத்து தப்பிவிட்டால் நெட்டைக் கட்டத்தில் கவலையில்லை.

யூடியூப் ஷார்ட்ஸுக்கும் இதே கவர் ஆகுமா?

போனிலிருந்து ஷார்ட்ஸ் ஏற்றும்போது வீடியோவுக்குள் இருக்கும் ஒரு ஃபிரேமைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அதனால் கவர் படத்தை வீடியோவின் கடைசியில் மூன்று நான்கு ஃபிரேம் மட்டும் ஒட்டிவிட்டு அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். நொடியில் பத்தில் ஒரு பங்குதான், பார்ப்பவருக்கு உறுத்தாது. அரை நொடி வைத்தால் வீடியோ திரும்ப ஓடத் தொடங்கும் இடத்தில் வெட்டு தெரியும்.

இதையெல்லாம் பண்ணிட்டிருந்த அக்கா மகன் பெங்களூரு வேலைக்குப் போயிட்டான். இனி யாரு பார்ப்பாங்க?

அவர் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். இப்போதாவது போனில் கேட்டு எழுதுங்கள். ஜமக்காளக் கடையின் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கும் தாளில் இருப்பது இவ்வளவுதான்: பக்கம் 1080 × 1920. பட்டை 1120 முதல் 1460. எழுத்து `Mukta Malar` தடித்தது, 130, வரி 170. பட்டையின் நிறம் `#F3E9D6`, எழுத்தின் நிறம் `#6B1420`. படம் காலை 10 மணி, வாசல் நிழல், வேட்டியோடு. அதைப் பார்த்து இப்போது கவர் செய்பவர் பில் போடும் அம்மணிதான்.